அடுத்த ஃபிரேமில் ஆச்சி ஏன் வேறு ஆளாகிறார்? ஸ்டோரிபோர்டு பிராம்ப்ட் எழுதும் முறை

குறும்படத்தின் ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று படப்பிடிப்புக்கு முன்பே காட்டும் பட வரிசைதான் ஸ்டோரிபோர்டு. அதை இப்போது பலரும் ஏஐ படக் கருவிகளில் செய்துகொள்கிறார்கள். கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரணைக்குப் பெயர் பிராம்ப்ட். ஒரு படம் அழகாக வந்துவிடும். நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சிக்கல் தெரியும். முதல் ஃபிரேமில் இருந்த ஆச்சிக்கு இரண்டாவதில் பத்து வயது குறைந்திருக்கும். காலை வெயில் ஒரு படத்தில் கிழக்கிலிருந்தும் அடுத்ததில் மேற்கிலிருந்தும் அடிக்கும்.

இதற்கு மூன்று வைத்தியங்கள் வாய்வழியாகச் சுற்றுகின்றன. "சீட் எண்ணை மாற்றாமல் வைத்தால் முகம் மாறாது", "85 எம்.எம். என்று போட்டால் அந்த லென்ஸ் வந்துவிடும்", "எல்லாப் பிராம்ப்டிலும் இடப்பக்க வெளிச்சம் என்று எழுதினால் வெளிச்சம் ஒத்துப்போகும்". முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது முழுத் தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## கருவிக்கு முந்தைய படம் தெரியாது

ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான்கு சட்டை தைக்க வேண்டும். திருநெல்வேலி டவுணில் ஒரு தையல்காரர், ஜங்ஷனில் ஒருவர், பாளையங்கோட்டையில் ஒருவர், மேலப்பாளையத்தில் ஒருவர். நான்கு பேரிடமும் "நீலச் சட்டை, அரைக் கை" என்று சீட்டு மட்டும் கொடுத்தால் நான்கு நீலம் வரும். யாரையும் குறை சொல்ல முடியாது. சீட்டில் இல்லாததை ஒவ்வொருவரும் தம் பழக்கப்படி நிரப்பியிருப்பார்கள். சீட்டோடு ஒரு துண்டுத் துணியையும் வைத்துக் கொடுத்தால் நிறம் தப்பாது.

படக் கருவியும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுத் தையல்காரர்தான். பெரும்பாலான கருவிகள் தாறுமாறான புள்ளிக் கூட்டம் ஒன்றிலிருந்து தொடங்கி, அந்தப் புள்ளிகளைப் படிப்படியாகக் கழித்துக் கழித்துப் படத்தை வெளியே கொண்டுவருகின்றன. எதைக் கழிப்பது என்பதைப் பிராம்ப்டின் சொற்கள் வழிநடத்தும். நீங்கள் எழுதாமல் விட்டதைக் கருவி தான் பழகிய கோடிக்கணக்கான படங்களின் போக்கில் நிரப்பும். சில கருவிகள் ஒரே உரையாடலில் முந்தைய படத்தையும் தாமே சேர்த்துக்கொள்ளும். அது அந்தத் துண்டுத் துணி வேலைதான், ஞாபகம் ஆகாது.

தொடக்கப் புள்ளிக் கூட்டத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்குப் பெயர் சீட். அதே எண், அதே பிராம்ப்ட், அதே அமைப்புகள் என்றால் ஏறத்தாழ அதே படம் திரும்ப வரும். ஆனால் அந்தப் புள்ளிகளில் முகம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வைடு ஷாட்டுக்கான சொற்களைக் குளோஸ்-அப்புக்கான சொற்களாக மாற்றியதும் அதே புள்ளிகள் வேறு முகமாகத் திரளும். ஒரே ஃபிரேமில் சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்க சீட் உதவும். ஷாட்டுக்கு ஷாட் ஆளைக் காப்பாற்ற அது போதாது.

ஆகவே ஒவ்வொரு பிராம்ப்டும் தனியாக நிற்க வேண்டும். "அதே ஆச்சி", "முன்பு போலவே" என்று எழுதினால் தனியாக ஓடும் கருவிக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

## எடுத்துக்கொள்ளும் காட்சி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு ஓட்டு வீடு. வாசல் கிழக்குப் பார்த்தது. எதிரே தெரு, அதைத் தாண்டி வயல். சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆகிறது. திண்ணையில் ஆச்சி மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். எதிரே பேரன். "ஆச்சி, திங்கக்கெழம வேலைக்குக் கெளம்பணும்" என்கிறான். ஆச்சி கை நிற்காமல், "போய்ட்டு வாலே" என்கிறார்.

ஆச்சி திண்ணையின் தெற்கு முனையில் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார். பேரன் வடக்கு முனையில் தெற்கு நோக்கி. இருவருக்கும் இடையே ஒன்றரை மீட்டர். ஷாட்டுகள் நான்கு: தெருவிலிருந்து இருவரும் தெரியும் வைடு ஷாட், ஆச்சியின் குளோஸ்-அப், பேரனின் குளோஸ்-அப், சுளகில் இயங்கும் கைகள்.

## ஆள்: ஒரே சொற்கள், ஒரே வரிசை

ஆச்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அதை எல்லா ஃபிரேமிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் கூறியது கூறல் குற்றம் என்று பழகிய கை, அடுத்த பிராம்ப்டில் தானாகவே வேறு சொல்லைத் தேடும். அதுதான் ஆளை மாற்றுகிறது. கருவி சொற்களை எண்களாக மாற்றித்தான் படிக்கிறது. `old woman` என்பதும் `grandmother` என்பதும் அதற்கு வேறு வேறு எண்கள், வேறு வேறு முகங்கள்.

```
ACHI: thin Tamil woman, 70, dark brown skin,
white hair in a low bun, small gold stud on each nostril,
plain maroon cotton sari with thin yellow border
```

ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்தக் கருவிகளில் பல, ஆங்கிலத் தலைப்புகளோடு சேர்ந்த படங்களில்தான் பெரிதும் பழகியவை. தமிழில் எழுதினால் புரிந்துகொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவியின் முந்தைய பதிப்புகள் போன்றவை பிராம்ப்டைச் சிறு சொல் துண்டுகளாக உடைத்து, 77 துண்டுகள் வரையில்தான் ஒரு வீச்சில் படிக்கும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டு. தமிழ்ச் சொல் ஒன்று அங்கே பல துண்டுகளாகச் சிதறும். ஆள் விவரணையை நீட்டினாலும் இதே ஆபத்துதான், பிராம்ப்டின் வால் அறுந்துபோகலாம். ஆறேழு அடையாளம் போதும்.

அந்த அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி என்று வைத்தது வேண்டுமென்றே. இடது வலது விஷயத்தில் கருவிகள் மிகவும் பலவீனமானவை. வலது மூக்கில் மட்டும் மூக்குத்தி, இடது கன்னத்தில் மச்சம், ஒரு கையில் கடிகாரம் என்று வைத்தால் அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் பக்கம் தாவும். இருபுறமும் ஒத்திருக்கும் அடையாளத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தப் பக்கத்து வயதான பெண்கள் என்றால் காதில் பாம்படம் நினைவுக்கு வரும். படத்தில் அது கண்டிப்பாக இருக்கட்டும், பிராம்ப்டில் வேண்டாம். கருவிக்கு அந்தப் பெயர் பிடிபடுவது அரிது. வடிவத்தை விவரித்தாலோ ஒவ்வொரு தடவையும் வேறொரு கம்மல் முளைக்கும். ஃபிரேமுக்குக் கீழே கையால் "பாம்படம் உண்டு" என்று எழுதிவிடுவதே நல்லது. சுளகுக்கும் பீடி இலைக்கும் பெயர் உதவாது: பெயரைச் சொன்னால் சுருட்டு வரும், தாம்பாளம் வரும். `flat woven palm-leaf tray, cut brown leaves, loose tobacco` என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் பிழைக்கலாம்.

இல்லாததை எழுதாதீர்கள். கண்ணாடி வேண்டாம் என்பதற்காக `no glasses` என்று போட்டால், பல கருவிகளில் அந்தச் சொல்லே கண்ணாடியைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்.

## லென்ஸ்: எண்ணோடு தூரத்தையும் சொல்லுங்கள்

லென்ஸின் ஃபோகல் நீளம் என்பது, கேமரா எவ்வளவு அகலமான காட்சியைப் பிடிக்கும் என்று சொல்லும் எண். எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் குறுகும். முகத்தின் மூக்கு பெரிதாகத் தெரிவதும், பின்சுவர் நெருங்கி வந்தது போலத் தெரிவதும் லென்ஸால் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் தூரம். லென்ஸ், அந்த இடத்திலிருந்து எவ்வளவு வெட்டி எடுப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

படக் கருவிக்குள் லென்ஸ் கிடையாது. `85mm` என்று எழுதினால் அது கணக்குப் போடாது. 85 எம்.எம். என்று குறிப்பிட்டிருந்த படங்கள் பெரும்பாலும் பின்னணி மங்கிய முகப்படங்கள் என்பதால் அந்த வாடையைக் கொண்டுவரும், அவ்வளவுதான். `35mm` என்று மட்டும் எழுதுவது இன்னும் சிக்கல். அது ஃபிலிம் சுருளின் பெயரும் கூட. லென்ஸ் கேட்டவருக்குப் பழைய ஃபிலிம் போன்ற பொரிப்பொரியான படம் வருவது இதனால்தான். எப்போதும் `35mm lens` என்று முழுதாக எழுத வேண்டும்.

அதனால் எண்ணோடு கேமராவின் தூரம், உயரம், பின்னணி எவ்வளவு மங்கியிருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். தூரத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் அகலம் 36 எம்.எம். ஆகவே:

```
காட்சியின் அகலம் = 36 × தூரம் ÷ ஃபோகல் நீளம்
```

தெருவில் 5 மீட்டர் தள்ளி 35 எம்.எம். லென்ஸ் வைத்தால் 36 × 5 ÷ 35, அதாவது 5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இருவரும், நடுவில் கதவும் அடங்கும். 2 மீட்டரில் 85 எம்.எம். என்றால் 85 சென்டிமீட்டர். தலையும் தோளும் அடங்கும். ஆச்சிக்கும் பேரனுக்கும் இடையே ஒன்றரை மீட்டர்தான் என்பதால், ஆச்சியை எடுக்கும் கேமரா பேரனின் தோளுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்கும். அங்கே சுவர் இருந்தால் இந்த ஷாட் அந்த வீட்டில் நடக்காது. ஏஐ படத்துக்கு அது தெரியாது, சுவருக்குள் கேமராவை வைத்துக்கூட அழகாகப் படம் காட்டும். இந்தக் கணக்கைப் போடாத ஸ்டோரிபோர்டை ஒளிப்பதிவாளர் நம்ப முடியாது.

உங்கள் கேமராவின் சென்சார் சிறியதா? ஏபிஎஸ்-சி வகை என்றால் லென்ஸ் எண்ணை ஏறத்தாழ 1.5 ஆல் பெருக்கிப் பிராம்ப்டில் எழுதுங்கள்.

சுருக்கமாக: இரண்டு குளோஸ்-அப்புக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், இருவருக்கும் அவரவர் கண் உயரம். ஒருவரை 35-லும் மற்றவரை 85-லும் காட்டினால் இருவரும் வேறு வேறு வீட்டில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும்.

## வெளிச்சம்: திசையை வீட்டில் குறியுங்கள்

"எல்லா ஃபிரேமிலும் இடப்பக்க வெளிச்சம்" என்பது பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் சூரியன் ஃபிரேமின் இடப்பக்கத்தில் இல்லை, கிழக்கில் இருக்கிறது. கேமரா திரும்பினால் கிழக்கு ஃபிரேமின் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் மாறும்.

ஒரு தாளில் வீட்டை மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். மேலே வடக்கு. திண்ணை, ஆச்சி, பேரன், கிழக்கே ஒரு சூரியன். ஆச்சியிலிருந்து பேரனுக்கு ஒரு கோடு இழுங்கள். இதற்கு ஆக்‌ஷன் லைன் என்று பெயர். கேமரா எப்போதும் இந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில், இங்கே கிழக்குப் பக்கத்தில், நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் பேசிக்கொண்டிருக்கும் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல ஆகிவிடும்.

முதல் ஷாட்டில் கேமரா தெருவில் நின்று மேற்கே பார்க்கிறது. மேற்கே பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெற்கு. ஆச்சி ஃபிரேமின் இடப்பக்கம், வலப்பக்கம் நோக்கி. பேரன் வலப்பக்கம், இடப்பக்கம் நோக்கி. சூரியன் கேமராவின் முதுகுக்குப் பின்னால். வெளிச்சம் இருவர் மேலும் நேராக விழும்.

இரண்டாவது, ஆச்சியின் குளோஸ்-அப். கேமரா பேரன் பக்கத்திலிருந்து தெற்கே பார்க்கிறது. தெற்கே பார்ப்பவருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம். ஆகவே வெயில் ஃபிரேமின் இடமிருந்து வருகிறது. பேரன் கேமராவுக்கு வலப்பக்கம் இருப்பதால் ஆச்சியின் பார்வை வலப்பக்கம்.

மூன்றாவது, பேரன். கேமரா ஆச்சி பக்கத்திலிருந்து வடக்கே பார்க்கிறது. இப்போது கிழக்கு வலக்கைப் பக்கம். வெயில் ஃபிரேமின் வலமிருந்து வர வேண்டும், பார்வை இடப்பக்கம். இங்கே "இடப்பக்க வெளிச்சம்" என்று எழுதியிருந்தால் பேரன் முகத்தில் சூரியன் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடித்திருக்கும்.

நான்காவது, கைகள். கேமரா இரண்டாவது ஷாட்டின் இடத்திலேயே நின்று கீழே குனிகிறது. வெயில் இடமிருந்து, கைகளின் நிழல் சுளகில் வலப்பக்கம்.

திசைக்கு அடுத்தது உயரம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரிக்குள் இருப்பதால் காலைச் சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாகவே ஏறும். உதித்து ஒரு மணி நேரத்தில் நிழல் ஆளைப் போல நான்கு மடங்கு நீளம். மூன்று மணி நேரத்தில் நிழலும் ஆளும் ஏறக்குறைய ஒரே நீளம். `morning light` என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று கருவிக்குத் தெரியாது. நம் காட்சியில் வெயில் தாழ்வாக வருவதால்தான் திண்ணைக் கூரைக்குக் கீழே புகுந்து சுவரைத் தொடுகிறது. மூன்று மணி நேரம் கழித்து அதே திண்ணையில் பெரும்பகுதி நிழலாகிவிடும்.

## எழுதி முடித்த பிராம்ப்ட்

பின்னணியையும் திசைக்கு ஒன்றாக முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மேற்கே நீலச் சுண்ணாம்புச் சுவரும் மரக்கதவும். தெற்கே மரத்தூண், அதன் பின்னால் வேப்பமரம். வடக்கே அடுத்த வீட்டின் வெள்ளைச் சுவர், சாய்த்து வைத்த சைக்கிள். ஆச்சியின் குளோஸ்-அப்பில் வேப்பமரம்தான் வர முடியும், சைக்கிள் வர முடியாது.

இரண்டாவது ஃபிரேம்:

```
Close-up, 85mm lens, camera 2 metres away at her seated eye level.
Thin Tamil woman, 70, dark brown skin,
white hair in a low bun, small gold stud on each nostril,
plain maroon cotton sari with thin yellow border.
She looks toward the right edge of the frame.
Low warm sun from the left edge of the frame,
shadow on the side of her face nearer the right edge.
Background softly blurred: wooden pillar, neem tree.
```

மூன்றாவதில் பேரனின் பத்தியை வைத்து, `She`, `her` இரண்டையும் `He`, `his` ஆக்கி, `left edge`, `right edge` இரண்டையும் எல்லா வரியிலும் இடம் மாற்றி, பின்னணியை வெள்ளைச் சுவரும் சைக்கிளுமாக மாற்றினால் போதும். லென்ஸ் வரியில் `his` தவிர ஒரு எழுத்தும் மாறக் கூடாது. `left side of her face` என்று எழுதாமல் ஃபிரேமின் ஓரத்தைச் சொன்னதற்கும் காரணம் அதுதான். ஆச்சியின் இடது கன்னமா, நம் கண்ணுக்கு இடப்பக்கமா என்று கருவி தடுமாறும்.

## துண்டுத் துணி: மாதிரிப் படம்

சொற்கள் ஆளை நெருங்கக் கொண்டுவரும், அதே முகத்தைத் தராது. அதற்குத்தான் மாதிரிப் படம், அதாவது பிராம்ப்டோடு சேர்த்துக் கொடுக்கும் முகப்படம். இந்த வசதி கருவிக்குக் கருவி வேறு பெயரில் இருக்கும்.

நன்றாக வந்த ஒரு ஃபிரேமையே மாதிரியாகக் கொடுப்பது எல்லோரும் செய்யும் பிழை. மாதிரியில் முகத்தோடு வெளிச்சமும் ஒட்டிக்கொண்டு வரும். நேர் வெயில் விழுந்த முதல் ஃபிரேமை மாதிரியாகக் கொடுத்தால், குளோஸ்-அப்பில் இடப்பக்க வெயில் எவ்வளவு கேட்டாலும் தட்டையாகவே இருக்கும். ஆகவே மாதிரிக்கென்று தனியாக ஒரு படம் செய்யுங்கள்: மேகமூட்டமான, நிழல் விழாத வெளிச்சம், வெறும் சாம்பல் பின்னணி, நேர்முகம் ஒன்று, முக்கால்வாசி திரும்பிய முகம் ஒன்று. எல்லா ஃபிரேமுக்கும் அந்த மூலப் படமே போக வேண்டும். இரண்டாவது ஃபிரேமை மூன்றாவதுக்கும் மூன்றாவதை நான்காவதுக்கும் மாதிரியாக்கினால் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, நான்காவதில் வேறு ஆள் இருப்பார்.

## எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது

நான்கு படங்களையும் சிறிதாக்கி ஒரே தாளில் வைத்து, நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும், நிழல் ஏமாற்றாது. ஒவ்வொரு முகத்திலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு அம்பு போடுங்கள். அம்புகளை மேலிருந்து வரைந்த தாளோடு ஒப்பிட்டால் தப்பான ஃபிரேம் உடனே தெரிந்துவிடும். லென்ஸுக்கு, இரண்டு குளோஸ்-அப்பிலும் முகம் ஃபிரேமின் உயரத்தில் எத்தனை பங்கு என்று அளந்து பாருங்கள். ஒன்றில் பாதி, மற்றதில் முக்கால் என்றால் தூரம் பிசகியிருக்கிறது.

வெளிச்சம் மட்டும் பக்கம் மாறியிருந்தால் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போடத் தோன்றும். செய்யாதீர்கள். பார்வையும் கூடவே திரும்பி, ஆக்‌ஷன் லைன் உடைந்துவிடும்.

இருவரும் தெரியும் வைடு ஷாட்தான் கடைசியில் முரண்டு பிடிக்கும். ஒரே பிராம்ப்டில் இரண்டு ஆள் பத்திகள் இருந்தால் அடையாளங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கசியும். பேரனுக்கு நரைமுடியோ மூக்குத்தியோ வரும், அவன் சட்டை மெரூன் ஆகும். இந்த ஃபிரேமில் முகம் சிறிதாகவே தெரியும் என்பதால் இருவருக்கும் விவரணையைக் குறைத்து, ஆளுக்கு உடையும் தலைமுடியும் மட்டும் வைக்கலாம். அதற்கும் கசிந்தால் முதலில் ஆளில்லாத திண்ணையைச் செய்துகொண்டு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையும் வசதியால் இடப்பக்கம் ஆச்சியையும், பிறகு வலப்பக்கம் பேரனையும் தனித்தனிப் பிராம்ப்டில் உட்கார வையுங்கள். இருவரின் நிழலும் பின்சுவரில் ஒரே சாய்வில் விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகச் சேர்த்த ஆளுக்கு நிழல் போட கருவி மறந்துவிடுவது உண்டு.